பயிற்சி இடம் கேட்டு ஓடிட் நிறுவனத்துக்கு மின்னஞ்சல்: "எப்போதிலிருந்து வரலாம்" என்பதை எப்படி எழுதுவது?

கொக்குவில் மாணவி | ஜனவரி 11, இரவு 8.20

பட்டயக் கணக்காளர் படிப்பில் பிசினஸ் லெவலில் இருக்கிறேன். யாழ்ப்பாணத்தில் உள்ள ஓடிட் நிறுவனங்களுக்குப் பயிற்சி இடம் கேட்டு எழுத வேண்டும். மின்னஞ்சல் ஆங்கிலத்தில்தான் போகும். இங்கே வாசிக்க வசதியாகத் தமிழில் போடுகிறேன்:

"மதிப்புக்குரிய ஐயா, சிறு வயது முதலே கணக்கீட்டுத் துறையில் எனக்கு ஆர்வம் அதிகம். உயர்தர வணிகப் பிரிவில் சிறந்த பெறுபேறு பெற்றேன். தற்போது பட்டயக் கணக்காளர் கற்கைநெறியைத் தொடர்கிறேன். கடின உழைப்பாளி, குழுவாகப் பணியாற்றக்கூடியவள். தங்கள் புகழ்பெற்ற நிறுவனத்தில் பயிற்சி பெற விரும்புகிறேன். உடனடியாகச் சேர முடியும். நல்ல பதிலை எதிர்பார்க்கிறேன்."

என்ன குறை?

ஸ்டான்லி வீதி | ஜனவரி 11, இரவு 9.45

ஒரு ஓடிட் நிறுவனத்தில் இருக்கிறேன். இப்படி வரும் மின்னஞ்சல்களைப் பங்காளருக்கு அனுப்புவதற்குமுன் நான்தான் பார்ப்பேன்.

தங்கச்சி, இதில் எனக்குத் தேவையான இரண்டு விஷயங்களும் இல்லை. ஒன்று, பரீட்சையில் எங்கே நிற்கிறீர்கள். "கற்கைநெறியைத் தொடர்கிறேன்" என்றால் நேற்றுப் பதிவு செய்தவரும் தொடர்கிறார், கடைசிப் பாடத்துக்குக் காத்திருப்பவரும் தொடர்கிறார். இரண்டாவது, எந்தத் தேதியிலிருந்து, வாரத்தில் எத்தனை நாள், இடையில் எப்போது காணாமல் போவீர்கள். "உடனடியாக" என்ற சொல்லை நம்பி நாளைக் காலை எட்டரைக்கு வாருங்கள் என்றால் வருவீர்களா?

சிறு வயது ஆர்வத்தை வெட்டிவிடுங்கள். ஐந்து வயதில் யாருக்கும் ஐந்தொகையில் ஆர்வம் இருந்ததில்லை.

கொக்குவில் மாணவி | ஜனவரி 11, இரவு 10.05

நாளைக்கு வர முடியாது அண்ணா. ஒரு தனியார் கல்வி நிலையத்தில் கணக்கீடு படிப்பிக்கிறேன். பெப்ரவரி முடியும்வரை விட முடியாது. பிசினஸ் லெவலில் இரண்டு பாடங்கள் தவிர எல்லாம் சித்தி. அந்த இரண்டையும் டிசம்பரில் எழுதினேன், பெறுபேறு வரவில்லை. முடிவு தெரியாமல் எழுத வேண்டாமே என்றுதான் பொதுவாக விட்டேன்.

வடமராட்சி | ஜனவரி 12, காலை 6.50

இரண்டு குரூப்பும் சித்தியடையாமல் ஆர்டிகிள்ஷிப் சேரவே முடியாது. பயிற்சியும் இப்போது இரண்டு வருடம்தான், முன்பு போல மூன்று இல்லை. பெறுபேறு வரும்வரை தங்கச்சி எழுதாமல் இருப்பது நல்லது. யூடியூபில் ஒரு பட்டயக் கணக்காளர் தெளிவாகச் சொல்கிறார்.

பழைய ஓடிட்டர் | ஜனவரி 12, காலை 7.30

அந்தப் பட்டயக் கணக்காளர் சென்னையிலோ மும்பையிலோ இருந்து பேசியிருப்பார். தம்பி சொல்வது முழுக்கச் சரி, ஆனால் இந்தியாவுக்கு. அங்கே 2023 ஜூலை முதல் நடைமுறைக்கு வந்த புதிய திட்டத்தில் இடைநிலைத் தேர்வின் இரண்டு குரூப்பும் முடிக்க வேண்டும், பயிற்சி இரண்டு வருடம். குரூப் என்ற பேச்சே அவர்களுடையது. நமக்கு 1959ஆம் ஆண்டின் 23ஆம் இலக்கச் சட்டத்தில் அமைந்த இலங்கை நிறுவகம் வேறு. பிசினஸ், கோர்ப்பரேட், ஸ்ட்ராட்டஜிக் என்று படிகள், பயிற்சி மூன்று வருடம். இங்கே எந்தப் படியில் ஆளை எடுப்பது என்பது பெரும்பாலும் அந்தந்த நிறுவனத்தின் விருப்பம்.

இன்னொன்று. எழுதுமுன், அந்த நிறுவனம் பயிற்சி கொடுக்க நிறுவகத்தின் அங்கீகாரம் பெற்றதா என்று பார்க்க வேண்டும். "கணக்காய்வு" என்று பலகை தொங்கும் இடமெல்லாம் அப்படியல்ல. ஒப்பந்தம் பதிவாகாத இடத்தில் ஒரு வருடம் வவுச்சர் பார்த்துவிட்டு, அது பயிற்சிக் கணக்கில் சேராது என்று தெரிந்து நின்ற பிள்ளைகளைக் கண்டிருக்கிறேன்.

வடமராட்சி | ஜனவரி 12, காலை 7.41

இந்தியக் காணொளிதான் ஐயா. ஆனால் முடிவு வரும்வரை பொறுப்பது நல்லது என்பதில் மாற்றமில்லை.

ஸ்டான்லி வீதி | ஜனவரி 12, பகல் 1.10

பொறுக்கக் கூடாது. ஏனென்று சொல்கிறேன், கொஞ்சம் நீளும்.

நம்முடைய வரி வருடம் ஏப்ரல் 1 முதல் மார்ச் 31 வரை. எங்கள் வாடிக்கையாளர்களில் பெரும்பாலானவர்கள் அதே நாளில்தான் கணக்கை மூடுகிறார்கள். கடை, அரிசி ஆலை, ஐஸ் தொழிற்சாலை, விடுதி என்று எல்லோரும். சரக்கிருப்பு எண்ணுவது அந்த ஒரு நாளைச் சுற்றித்தான். அன்று ஒரே நேரத்தில் பல இடங்களுக்கு ஆள் அனுப்ப வேண்டும், எங்களுக்கு வருடத்தில் ஆள் பற்றாக்குறை மிக மோசமாக இருக்கும் நாள் அது. மார்ச் தொடக்கத்தில் சேர்ந்த ஒரு பிள்ளைக்கு அதற்குள் வவுச்சர் பார்க்கவும் வங்கி இணக்கக்கூற்றைச் சரிபார்க்கவும் சொல்லிக்கொடுத்து, 31ஆம் தேதி ஒரு மூத்த பயிலுனருடன் களஞ்சியத்துக்கு அனுப்பலாம். ஏப்ரல் நடுப்பகுதியில் வருபவருக்கு நாங்கள் எண்ணி முடித்த தாள்களைத்தான் காட்ட முடியும். அடுத்த எண்ணிக்கைக்கு ஒரு வருடம் காத்திருக்க வேண்டும்.

ஆகவே ஜனவரியில் வரும் மின்னஞ்சலில் "மார்ச் 2 முதல்" என்று இருந்தால் என் கண் அங்கே நிற்கும். அதே ஆள் பெறுபேற்றுக்காகக் காத்திருந்து ஏப்ரலில் எழுதினால், அதற்குள் இடம் போயிருக்கும்.

கல்வி நிலையத்தை பெப்ரவரி கடைசியில் விடுவதாகச் சொன்னீர்கள் அல்லவா? அது குறை இல்லை. தேதிக்குக் காரணம் கிடைக்கிறது, "உடனடியாக" என்பதைவிட நம்பும்படி இருக்கிறது.

சுன்னாகம் இரும்புக்கடை | ஜனவரி 12, மாலை 6.15

31ஆம் தேதி பிள்ளைகளை அனுப்புகிறவர்கள் இங்கே இருப்பதால் கேட்கிறேன். போன முறை வந்த தம்பி வெள்ளைச் சட்டையில் வந்து இரும்புக் கம்பிக் கட்டு எண்ணப் போனார். திரும்பும்போது சட்டை எந்த நிறம் என்று சொல்ல முடியவில்லை. கம்பியை எண்ணக் கூடாது, நிறுக்க வேண்டும் என்பதும் அவருக்குத் தெரியவில்லை. குழாயை எண்ணலாம். சீமெந்து மூட்டையை அடுக்கிலேயே பெருக்கிக்கொள்கிறார்கள், உள்ளே ஓட்டை விட்டு அடுக்கியிருந்தால் என்ன செய்வார்கள்?

பழைய ஓடிட்டர் | ஜனவரி 12, இரவு 7.05

முதலாளி, அப்படி ஓட்டை விட்டு அடுக்குகிறவர்கள் இருக்கிறார்கள் என்பதால்தானே பிள்ளையை அனுப்புகிறோம். இருப்பு முக்கியமான தொகையாக இருந்தால் எண்ணும் இடத்தில் ஓடிட்டர் நிற்க வேண்டும் என்று கணக்காய்வு நியமம் 501 சொல்கிறது. அந்த நாள் தவறினால் வேறொரு நாள் எண்ணி, இடையில் வந்த சரக்கையும் போன சரக்கையும் பட்டியல் இலக்கம் பார்த்துக் கூட்டிக் கழித்து 31ஆம் தேதிக்குக் கொண்டுவர வேண்டும். உங்கள் கடையில் அது முடியும், பட்டியல் ஒழுங்காக இருக்கும். பட்டியல் எழுதாமல் கொடுக்கும் கடையில் முடியாது.

வெள்ளவத்தை | ஜனவரி 12, இரவு 10.30

கொழும்பில் பெரிய நிறுவனம் ஒன்றில் இரண்டாம் வருடப் பயிலுனர். நீங்கள் சொல்லும் தேதிக் கணக்கெல்லாம் இங்கே இல்லை. இணையப் படிவம் நிரப்ப வேண்டும், ஒரு பரீட்சை, ஒரு நேர்முகம், பிறகு தொகுதியாக எடுப்பார்கள். எந்தத் தொகுதி என்பதை அவர்கள்தான் முடிவு செய்வார்கள். "உடனடியாக" என்று எழுதினால்தான் முதல் தொகுதியில் பெயர் வரும். மற்றபடி பரீட்சை விடுமுறை பற்றி முன்கூட்டியே பேசுவது நல்லதில்லை, வேலைக்கு வருமுன்னே விடுமுறை கேட்கிறார் என்று நினைப்பார்கள்.

ஸ்டான்லி வீதி | ஜனவரி 13, காலை 8.00

கொழும்புக்குச் சரியாக இருக்கலாம். நூறு பயிலுனர்கள் இருக்கும் இடத்தில் பத்துப் பேர் பரீட்சைக்குப் போனாலும் வேலை நடக்கும். இங்கே நாலைந்து பேர்தான். ஒருவர் போனால் ஒரு மேசையே காலி. அதனால் விடுமுறையை ஒளித்தால்தான் எனக்குச் சந்தேகம் வரும். ஜூனிலும் டிசம்பரிலும் பரீட்சை என்பது எனக்குத் தெரியாதா?

இதில் யாழ்ப்பாணத்துக்கென்று ஒரு கணக்கு இருக்கிறது. கொழும்பில் பெரிய கம்பனிகளின் மார்ச் கணக்கு ஏப்ரல், மே மாதங்களிலேயே நெருக்கும். ஆகவே அங்கே ஜூன் பரீட்சைக்கு விடுமுறை எடுப்பது இடிக்கும். இங்கே அப்படியில்லை. எங்கள் முதலாளிமார் மே மாதத்தில் கணக்குப் புத்தகத்தைத் தொடவே மாட்டார்கள். ஆடியில் ஒரு நினைப்பு வரும், நல்லூர்த் திருவிழா முடியட்டும் என்பார்கள். பிறகு செப்டெம்பர் 30 இறுதித் தவணை வரி கட்ட ஒரு தொகை தேவைப்படும்போது பை நிறையப் பற்றுச்சீட்டுகளோடு வருவார்கள். வரி விவரத்திரட்டுக்கு நவம்பர் 30 கடைசி நாள். அந்த நவம்பரில் நாங்கள் வீட்டுக்குப் போய்க் குளித்துவிட்டு வருவோம், அவ்வளவுதான்.

டிசம்பர் பரீட்சைக்குப் படிக்க வேண்டிய மாதமும் அதே நவம்பர்தான்.

ஆகவே, இங்கே எழுதும் மின்னஞ்சலில் ஜூன் விடுமுறையைத் தயங்காமல் சொல்லலாம், யாருக்கும் நோகாது. டிசம்பரில் எழுதப்போகிறீர்களா என்பதுதான் நிறுவனத்தின் உண்மையான கேள்வி. அதை அவர்கள் கேட்குமுன் நீங்களே சொன்னால், நீங்கள் இந்த வேலையின் வருடத்தை அறிந்தவர் என்று தெரிந்துவிடும்.

பழைய ஓடிட்டர் | ஜனவரி 13, காலை 9.20

நவம்பர் பற்றிய பேச்சு சரி. ஆனால் முதல் மின்னஞ்சலில் டிசம்பரை இழுக்க வேண்டாம் என்பது என் எண்ணம். அது பதினொரு மாதத்துக்குப் பிறகு வரும் விஷயம். பிள்ளை சேர்ந்து, வேலையைக் காட்டி, செப்டெம்பரில் கேட்டால் எந்தப் பங்காளரும் மறுக்க மாட்டார்.

ஸ்டான்லி வீதி | ஜனவரி 13, காலை 9.34

ஐயா, நீங்கள் மறுக்க மாட்டீர்கள். எல்லோரும் நீங்கள் இல்லை. நான் பயிலுனராக இருந்த இடத்தில் நவம்பர் 20க்குப் பிறகு விடுமுறை என்ற சொல்லே கிடையாது. விவரத்திரட்டுகள் முடிந்த பின்னர் கையில் மிஞ்சிய நாட்களில் படித்துவிட்டுப் பரீட்சை மண்டபத்துக்குப் போனேன். பெறுபேறும் அப்படியே வந்தது.

திருநெல்வேலி நாலாம் வருடம் | ஜனவரி 13, இரவு 9.00

நான் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் முகாமைத்துவம் படிக்கிறேன். விரிவுரைகள் வாரத்தில் மூன்று நாள்தான். மற்ற நாட்களில் பயிற்சிக்கு வருவதாக எழுதலாமா?

ஸ்டான்லி வீதி | ஜனவரி 13, இரவு 9.25

எழுதலாம், நான் பதில் போட மாட்டேன். ஒப்பந்தப் பயிற்சி முழுநேரம். பட்டத்துக்கான உள்ளகப் பயிற்சியைக் கேட்கிறீர்கள் என்றால் அது வேறு கடிதம், பல்கலைக்கழகமே தரும். இரண்டையும் ஒரே மின்னஞ்சலில் கலந்தால் வாசிப்பவர் இரண்டையும் தர மாட்டார். இறுதிப் பரீட்சை முடியும் மாதத்தைப் போட்டு "அதன்பின் முழுநேரம்" என்று எழுதுங்கள்.

கொக்குவில் மாணவி | ஜனவரி 14, மாலை 5.40

இரண்டாவது வரைவு. பொருள் வரியில் "பயிற்சி இடம் வேண்டி: பிசினஸ் லெவல், இரு பாடங்களின் பெறுபேறு எதிர்பார்ப்பு, மார்ச் 2 முதல் முழுநேரம்" என்று போட்டிருக்கிறேன்.

"ஐயா, நான் இலங்கைப் பட்டயக் கணக்காளர் நிறுவகத்தில் பதிவுசெய்த மாணவி. பிசினஸ் லெவலில் இரண்டு பாடங்கள் தவிர மற்றவற்றில் சித்தியடைந்துள்ளேன். அந்த இரண்டுக்கும் கடந்த டிசம்பரில் தோற்றினேன், பெறுபேறு இன்னும் வெளியாகவில்லை.

மார்ச் 2 முதல் முழுநேரமாகப் பயிற்சிக்கு வர முடியும். பெப்ரவரி முடியும்வரை ஒரு கல்வி நிலையத்தில் கணக்கீடு கற்பிக்கிறேன். மார்ச் 31 இருப்பு எண்ணும் பணிக்கு வருவேன்.

இரண்டு பாடங்களில் ஏதேனும் தவறினால் ஜூனில் மீண்டும் எழுதுவேன், பரீட்சைக்கு முன் இரண்டு வாரம் விடுமுறை கேட்பேன். இரண்டும் சித்தியானால் இந்த ஜூனில் பரீட்சை எழுத மாட்டேன். டிசம்பர் பரீட்சையை நவம்பர் 30 வேலைகளைப் பொறுத்துத் தங்களுடன் பேசி முடிவு செய்வேன்.

தங்கள் நிறுவனத்தில் நிறுவகத்தின் அங்கீகாரத்துடன் பயிற்சி இடம் இருக்கிறதா என்று அறிய விரும்புகிறேன். பெறுபேற்றுத் தாள்கள், பதிவுச் சான்று, தன்விவரம் இணைத்துள்ளேன். கொக்குவிலில் வசிக்கிறேன்."

ஸ்டான்லி வீதி | ஜனவரி 14, இரவு 8.50

இதை நான் பங்காளருக்கு அனுப்பியிருப்பேன். அவர் இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு கைப்பேசியில்தான் வாசிப்பார், பொருள் வரியிலேயே பாதி முடிந்துவிடுகிறது.

ஒன்றை மட்டும் இரண்டாம் தடவை யோசித்தேன். இரண்டும் சித்தியானால் ஜூனில் எழுத மாட்டேன் என்று ஏன் கையைக் கட்டிக்கொள்கிறீர்கள்? இங்கே நோகாத பரீட்சை ஜூன்தான் என்று மேலே நானே சொன்னேன். அப்படியிருக்க, சித்தியடைந்தால் கோர்ப்பரேட் லெவலில் முடிந்த பாடங்களை ஜூனில் எழுதி, டிசம்பரை விட்டுவிடுவதுதானே நிறுவனத்துக்கும் வசதி? மூன்று மாதத்தில் படிக்க முடியுமா என்பது உங்கள் கணக்கு. முடியும் என்றால் "எந்த முடிவாக இருந்தாலும் ஜூனில் எழுதுவேன்" என்று ஒரே வாக்கியம் போதும். இரண்டு கிளையாகப் பிரித்து எழுதவே வேண்டாம்.

வெள்ளவத்தை | ஜனவரி 14, இரவு 11.15

புதுப் படியை மார்ச்சில் தொடங்கி, பயிற்சியிலும் சேர்ந்து, ஜூனில் எழுதுவதா? நான் அப்படிச் செய்து மூன்று பாடத்தில் ஒன்றுதான் கிடைத்தது. தங்கச்சி, முதலில் எழுதியதே சரி.

கொக்குவில் மாணவி | ஜனவரி 15, காலை 7.00

இரண்டு பேரும் சொல்வதைப் பார்த்தால் பயமாக இருக்கிறது. கிளையை வைத்துக்கொண்டு "எழுத மாட்டேன்" என்பதை மட்டும் "எழுதுவதா என்பதைப் பெறுபேறு வந்ததும் அறிவிப்பேன்" என்று மாற்றிவிட்டேன். இன்று அனுப்புகிறேன்.

ஸ்டான்லி வீதி | ஜனவரி 15, காலை 7.12

தனித்தனியாக அனுப்புங்கள். போன வருடம் ஒருவர் ஐந்து நிறுவனங்களின் முகவரிகளையும் ஒரே வரியில் போட்டு, "தங்கள் நிறுவனமே என் முதல் தெரிவு" என்று எழுதினார். ஐந்து பேரும் ஒருவரையொருவர் தெரிந்தவர்கள். அன்று மாலை தொலைபேசியில் ஒரே சிரிப்பு.

கொக்குவில் மாணவி | ஜனவரி 27, இரவு 7.30

ஒரு நிறுவனம் இடம் இல்லை என்று எழுதியது. ஒன்று பதிலே இல்லை. மூன்றாவது இடத்திலிருந்து வியாழக்கிழமை வரச் சொல்லியிருக்கிறார்கள். ஆனால் ஒரு கேள்வி கேட்டிருக்கிறார்கள்: மன்னார், கிளிநொச்சி வேலைகளுக்குப் போக முடியுமா, மன்னாரில் இரவு தங்க நேரிடும். அம்மா தங்குவதற்கு ஒத்துக்கொள்ள மாட்டார். மின்னஞ்சலிலேயே இதையும் எழுதியிருக்க வேண்டுமா?

பழைய ஓடிட்டர் | ஜனவரி 27, இரவு 8.10

வேண்டியதில்லை. அது நேரில் பேசும் விஷயம். கிளிநொச்சிக்குக் காலையில் பஸ்ஸில் போய் மாலையில் திரும்பலாம் என்று சொல்லுங்கள். மன்னாருக்கு இன்னொரு பெண் பயிலுனரும் வந்தால் யோசிக்கலாம் என்று சொல்லுங்கள். நல்ல இடம் என்றால் தங்கும் ஏற்பாட்டை அவர்களே விளக்குவார்கள்.

ஸ்டான்லி வீதி | ஜனவரி 27, இரவு 9.05

எனக்கு இதில் உடன்பாடு பாதிதான். ஆண்பிள்ளைகளிடம் யாரும் இதைக் கேட்பதில்லை, அதனால் அவர்கள் எழுதுவதுமில்லை. பெண்பிள்ளை எழுதாவிட்டால் "இவர் வெளியூர் போக மாட்டார்" என்று கேட்காமலே முடிவு செய்யும் இடங்கள் இருக்கின்றன. "கிளிநொச்சி, சாவகச்சேரி, பருத்தித்துறை நாள் வேலைகளுக்குப் போவேன்" என்று ஒரு வரி இருந்தால் அந்த வாய் அடைபடும். எழுதினால் தங்க மறுப்பதும் சேர்ந்து தெரியும் என்று ஐயா சொல்வார். அதுவும் உண்மைதான்.

வியாழக்கிழமைக்கு மூலப் பெறுபேற்றுத் தாள்களையும் அடையாள அட்டையையும் கொண்டுபோங்கள். ஒப்பந்தம் எந்தத் தேதியில் பதிவாகும் என்று நீங்கள் கேட்க வேண்டும். மார்ச் 2இல் வந்து மே மாதத்தில் பதிவானால் இடையிலுள்ள மாதங்கள் கணக்கில் வருமா என்பதை அவர்களிடமே எழுத்தில் கேட்டுக்கொள்ளுங்கள்.

சுன்னாகம் இரும்புக்கடை | ஜனவரி 27, இரவு 9.40

அந்த மூன்றாவது நிறுவனம் என் கடைக்கு வருகிறவர்களாக இருந்தால், பிள்ளை, 31ஆம் தேதி கறுப்பு அல்லது சாம்பல் நிறத்தில் உடுத்திக்கொண்டு வாருங்கள். தராசு பின்பக்கக் கொட்டகையில் இருக்கிறது.